கரைந்து பிறக்கும் பாறை: டயட்டம் கூடு செர்ட் ஆகும் வழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



மேசைமேல் இரண்டு கற்களை வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அனைவரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். வெள்ளையாக இருப்பது டயட்டமைட். தூக்கினால் எடையே தெரியாது. விரலில் மாவாக ஒட்டும். நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே ஏறும்வரை மிதக்கும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கல் செர்ட். நம் மக்கள் சிக்கிமுக்கிக் கல் என்று சொல்வதும் இந்த இனந்தான். கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்மேல் கோடாகப் படியும். உடைந்த விளிம்பு தோலை அறுக்கும்.

இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் பெரும்பகுதி சிலிக்கா என்றுதான் விடை வரும். இரண்டாவது கல்லும் ஒரு காலத்தில் முதல் கல்லைப் போலவே இருந்தது. மாவு எப்படிக் கல் ஆனது? பலரும் உடனே சொல்லும் விடை, "மேலே படிந்த மண்ணின் பாரம் அழுத்தி இறுக்கிவிட்டது" என்பது. அந்த விடை தவறு என்பதே இன்றைய உரையின் மையம். டயட்டம் கூடுகள் நசுங்கிச் செர்ட் ஆவதில்லை. அவை நீரில் முழுவதும் கரைகின்றன. கரைந்த சிலிக்கா வேறொரு பொருளாகப் படிகிறது. அதுவும் மீண்டும் கரைந்து குவார்ட்ஸாகப் படிகிறது. இரண்டு முறை கரைந்து இரண்டு முறை பிறந்ததுதான் இந்தக் கல். இதைக் கலிபோர்னியாவின் மான்டெரே படிவத்தைக் கொண்டு விளக்கப்போகிறேன். இந்த மாற்றத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒரே கடற்கரையில் நடந்தே பார்க்க முடிகிற இடம் அது.

1. கூடும் கடலும்

டயட்டம் ஒற்றைச் செல் பாசி. பெரும்பாலானவை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரை நீளமுள்ளவை. ஒளி எட்டும் மேல்நீரில் வாழ்ந்து, நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை உறிஞ்சி, மூடியும் பெட்டியுமாகப் பொருந்தும் இரு பகுதிகளால் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டின் பொருள் ஓபல். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத, உள்ளே நீரையும் பிடித்து வைத்திருக்கும் சிலிக்கா அது. இதை 1971இல் ஜோன்ஸ், செக்னிட் என்ற இருவர் ஓபல்-ஏ என்று வகைப்படுத்தினர். அடுத்த கட்டத்தில் வரப்போகும் ஓபல்-சிடி என்பதும் அவர்கள் இட்ட பெயர்தான்.

இந்தக் கூடு கடலில் நிலைக்கக்கூடிய பொருள் அல்ல. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 100 மில்லிகிராமுக்கு மேல் ஓபல்-ஏவைக் கரைத்துக்கொள்ள வல்லது. ஆனால் கடலின் மேல்நீரில் இருக்கும் சிலிக்கா பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. ஆழத்தில், மிக அதிகமாக இருக்கும் வட பசிபிக்கிலும் 10 மில்லிகிராம் அளவுதான். ஆகவே கடல் எப்போதும் பசியோடு இருக்கிறது. உயிரோடிருக்கும்வரை கூட்டின்மேல் ஒரு கரிமப் படலம் காவல் நிற்கிறது. பாசி இறந்து, அந்தப் படலத்தைப் பாக்டீரியா தின்றவுடன் கூடு கரையத் தொடங்குகிறது. மேல்நீரில் உருவாகும் சிலிக்காவில் கடலடியில் நிலையாகப் புதைவது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான்.

அந்த மூன்று பங்கும் ஒன்றொன்றாக மெல்ல விழுந்து சேர்ந்ததன்று. தனிக் கூடு ஆழ்கடலுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும்; அதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். சிறு கடலுயிர்கள் டயட்டங்களைத் தின்று வெளியேற்றும் கழிவு உருண்டைகளிலும், பூத்துக் குலுங்கிய பாசி ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் கட்டிகளிலும் சிக்கிய கூடுகள்தாம் சில நாட்களில் அடியைத் தொடுகின்றன. ஆகவே டயட்டம் பெருகும் இடமெல்லாம் டயட்டமைட் இடமாகிவிடாது. ஆழ்நீர் மேலெழுந்து உரம் கொண்டுவர வேண்டும். ஆற்று மண் அதிகம் கலக்கக் கூடாது. சுண்ணக் கூடுகள் மேலோங்கக் கூடாது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் இன்று அப்படிப்பட்ட இடம். மயோசீன் காலத்தில், ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை, கலிபோர்னியக் கரையோரக் கடற்படுகைகள் அப்படி இருந்தன. அங்கே படிந்ததுதான் மான்டெரே படிவம். அதில் லொம்போக் என்னும் ஊரருகே உள்ள வெண்ணிற மலைகளிலிருந்து இன்றும் வடிகட்டித் தூளுக்காக டயட்டமைட்டை வெட்டி எடுக்கிறார்கள்.

2. கணுக்குள் காத்திருந்த சாட்சி

மான்டெரே படிவத்தில் வெள்ளை டயட்டமைட்டும் உண்டு, கண்ணாடி போன்ற செர்ட்டும் உண்டு, இரண்டுக்கும் இடைப்பட்டதாக, மெருகிடாத பீங்கான் போல மங்கலாக உடையும் போர்சலனைட்டும் உண்டு. செர்ட்டில் பெரும்பாலும் டயட்டம் தென்படாது. ஆகவே அந்தச் சிலிக்கா எரிமலையிலிருந்து வந்து நேரே படிந்ததாக இருக்கலாம் என்று கருதியோர் இருந்தனர். கூடு கண்ணில் படாதபோது அதைக் கூட்டிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

மில்டன் பிராம்லெட் 1946இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்த ஆய்வுநூல் இதற்கு விடை கண்டது. ஒரே அடுக்கைப் பக்கவாட்டில் தொடர்ந்து போனால் டயட்டமைட் போர்சலனைட்டாக மாறுவதை அவர் காட்டினார். அதைவிட எனக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. செர்ட், போர்சலனைட் அடுக்குகளுக்கு நடுவே ஆங்காங்கே கார்பனேட் கணுக்கள் கிடக்கின்றன. தலையணை வடிவில், கெட்டியாக, பாறையிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். படிவு இன்னும் சேறாக இருந்தபோதே, புதைந்து அதிக ஆழம் போகும் முன்பே, கார்பனேட் அந்த இடத்தில் மட்டும் துளைகளை அடைத்து இறுக்கிவிட்டது. அதனால் உள்ளே இருந்தவை வெளிமாற்றங்களுக்குத் தப்பின.

இப்படி ஒரு கணுவின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து ஒரு மென்படலத்தை விரலால் தொடர்ந்தால் பாடம் முழுவதும் தெரியும். கணுவுக்குள் அந்தப் படலம் தடிமனாக இருக்கும். கணுவின் ஓரத்தில் கீழும் மேலும் உள்ள படலங்கள் நெருங்கத் தொடங்கும். வெளியே செர்ட்டுக்குள் போகும்போது அதே படலம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும் மெலிந்திருக்கக் காணலாம். கணுவின் உள்துண்டை அமிலத்தில் இட்டுக் கார்பனேட்டைக் கரைத்துவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால் டயட்டம் கூடுகள் தெரியும். அதே படலத்தின் வெளித்துண்டில் ஒன்றுகூட இராது. ஒரே நாளில் படிந்த ஒரே படலம். ஒரு புறம் கூடுகள், மறுபுறம் கூடற்ற கல். செர்ட்டும் டயட்டமைட்டாகத்தான் பிறந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

3. இரண்டு கரைவுகள்

இப்போது அந்த மாற்றத்துக்குள் போவோம். புதைந்த சேற்றின் துளைகளில் கடல்நீர் அடைபட்டிருக்கிறது. கூடுகள் அதில் கரையக் கரைய நீரிலுள்ள சிலிக்கா ஏறுகிறது. ஓபல்-ஏவுக்கு அது நிறைகரைசல் ஆகும் நிலையை நெருங்கும்போது, குவார்ட்ஸுக்கு அதே நீர் அளவுகடந்த மிகைகரைசல். ஏனென்றால் 25 டிகிரியில் குவார்ட்ஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே கரையும். அப்படியானால் உடனே குவார்ட்ஸ் படிய வேண்டுமே? படிவதில்லை. குவார்ட்ஸின் படிகம் மிக ஒழுங்கானது. குறைந்த வெப்பத்தில் அவ்வளவு சிலிக்கா நெருக்கியடிக்கும்போது அந்த ஒழுங்கில் அடுக்கிக்கொள்ள அணுக்களுக்கு வாய்ப்பில்லை. ஒழுங்கு குறைந்த, விரைவில் வளரக்கூடிய ஓபல்-சிடிதான் முந்திக்கொள்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் அதைப் பார்த்தால், மெல்லிய தகடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிய, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைகள் தெரியும். கூடு கரைந்துபோன குழியிலேயே அவை வளர்வதையும் காணலாம். மான்டெரேயில் இந்த முதல் மாற்றம் ஏறத்தாழ 40 முதல் 50 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது.

ஓபல்-சிடி படிந்ததும் நீரின் சிலிக்கா அளவு அதன் கரைதிறனுக்கு இறங்கிவிடுகிறது. இனி நெருக்கடி இல்லை. இன்னும் ஆழம் போய், வெப்பம் 65 முதல் 80 டிகிரியை எட்டும்போது குவார்ட்ஸ் பொறுமையாக வளர்கிறது. அதற்கு இரை கொடுத்து ஓபல்-சிடி கரைகிறது. கிளறிய பாகில் சர்க்கரை பொடியாகிவிடும், அசையாமல் விட்ட பாகில்தான் கற்கண்டு விளையும். இங்கும் அப்படித்தான்.

"கரையாமல், திடநிலையிலேயே அணுக்கள் இடம் மாறி அடுக்கிக்கொண்டிருக்கலாமே" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. முராட்டாவும் அவருடன் உழைத்தவர்களும் 1970களில் கலிபோர்னியாவின் டெம்ப்ளோர் மலைத்தொடரிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தனர். திடநிலையில் அடுக்கு மட்டும் மாறியிருந்தால், கூட்டில் இருந்த ஆக்சிஜன்தான் குவார்ட்ஸிலும் இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஓபல்-சிடியில் ஒரு விகிதம், குவார்ட்ஸில் தெளிவாகக் குறைந்த வேறொரு விகிதம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்புகள் அறுந்து, அந்த ஆழத்து வெந்நீரின் ஆக்சிஜனோடு கலந்து மீண்டும் பிணைந்திருக்கின்றன. அந்த விகிதங்களிலிருந்தே முதல் மாற்றத்துக்கு ஏறத்தாழ 50 டிகிரி, இரண்டாவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி என்று அவர்கள் கணக்கிட்டனர்.

பாரத்தின் பங்கு என்ன? டயட்டமைட்டின் கன அளவில் பாதிக்கு மேல் வெற்றிடம். 60, 70 சதவீதம்கூட உண்டு. சில நூறு மீட்டர் மண் மேலே ஏறியும் கூடுகள் தாங்கி நிற்கின்றன. கரோலின் ஐசக்ஸ் சாண்டா பார்பரா கடற்கரையில் செய்த அளவீடுகள், துளை குறைவது படிப்படியாக அல்ல, ஒவ்வொரு கரைவின்போதும் திடீரென்று நடக்கிறது என்று காட்டின. தாங்கி நின்ற தூண் கரையும் நேரத்தில்தான் பாரம் வேலை செய்கிறது. ஒரு மீட்டர் தடிமனுள்ள தூய டயட்டமைட் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 65 சதவீதம் வெற்றிடம் என்றால் திடப்பொருள் 35 சென்டிமீட்டர்தான். ஓபல்-சிடியாகும்போது கொஞ்சம் நீர் வெளியேறி அடர்த்தி கூடி, திடப்பொருள் 31 சென்டிமீட்டர் ஆகிறது. வெற்றிடம் 35 சதவீதத்துக்கு இறங்கினால் அடுக்கின் தடிமன் 48 சென்டிமீட்டர். குவார்ட்ஸாகும்போது அடர்த்தி 2.65 ஆக ஏறி, வெற்றிடம் 15 சதவீதம் ஆனால், எஞ்சுவது 30 சென்டிமீட்டர். கணுவின் ஓரத்தில் படலம் மெலிந்த விகிதமும் இதுதான்.

பாரம் மட்டும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் கலிபோர்னியாவிலேயே ஒரு பாடம் உண்டு. சான் வாக்கின் பள்ளத்தாக்கிலுள்ள பெல்ரிட்ஜ் எண்ணெய் வயலில் எண்ணெய் தேங்கியிருப்பது டயட்டமைட்டில். எண்ணெயை இறைக்க இறைக்கத் துளைகளின் உள்ளழுத்தம் குறைந்து, மேல்பாரம் முழுவதும் கூடுகள்மேல் இறங்கியது. கூடுகள் நொறுங்கின, தரை தாழ்ந்தது, கிணறுகளின் எஃகுக் குழாய்கள் வளைந்து அறுந்தன. ஆனாலும் அங்கே செர்ட் உண்டாகவில்லை. நொறுங்கிய டயட்டமைட்தான் இருக்கிறது.

வெப்பமே எல்லை வகுக்கிறது என்பதைக் கடலடி அதிர்வு ஆய்வுகளும் காட்டுகின்றன. பெரிங் கடலில் ஒலியலை எதிரொலிப்பில் ஒரு கோடு தெரிந்தது. அது படிவு அடுக்குகளைப் பின்பற்றாமல், கடலடியின் ஏற்ற இறக்கத்துக்கு இணையாக, அடுக்குகளை வெட்டிக்கொண்டு போனது. துளையிட்டுப் பார்த்தபோது மேலே டயட்டம் சேறு, கீழே ஓபல்-சிடி கொண்ட கெட்டிப் பாறை. கடலடிக்கு இணையாகச் செல்வது சமவெப்பக் கோடு. அது எந்த அடுக்கைக் கடக்கிறதோ அந்த அடுக்கு அங்கே மாறுகிறது.

4. களிமண் இடும் கட்டளை

இவ்வளவுதான் என்றால் 45 டிகிரிச் சமவெப்பக் கோட்டுக்கு மேலே எல்லாம் டயட்டமைட், கீழே எல்லாம் ஓபல்-சிடி என்று சுத்தமாகக் கோடு கிழித்திருக்கலாம். களத்தில் அப்படி இல்லை. ஒரே பாறை முகப்பில் விரற்கடை தடிமனுள்ள கண்ணாடிச் செர்ட்டும், அதை ஒட்டியே கையால் நொறுக்கக்கூடிய டயட்டமைட்டும் மாறி மாறி நிற்கின்றன. இரண்டும் பட்ட வெப்பம் ஒன்றுதானே?

ஐசக்ஸின் முதன்மையான கண்டுபிடிப்பு இங்குதான் வருகிறது. சாண்டா பார்பராவுக்கு மேற்கே கோலிட்டா பக்கத்திலிருந்து பாயிண்ட் கன்செப்ஷன் முனைவரை மான்டெரே படிவம் கடற்கரைப் பாறை முகப்புகளாகத் தொடர்ந்து வெளிப்பட்டிருக்கிறது. மேற்கே போகப் போக அது புதைந்திருந்த ஆழம் அதிகம். கிழக்கே கூடுகள் இன்னும் இருக்கின்றன, மேற்கே குவார்ட்ஸ். அவர் ஒவ்வொரு மாதிரியிலும் களிமண்ணின் அளவையும் சிலிக்காவின் நிலையையும் ஒப்பிட்டார். களிமண் குறைந்த தூய அடுக்குகள் முதலில் ஓபல்-சிடி ஆகின்றன. களிமண் மிகுந்தவை அதே வெப்பத்தில் இன்னும் கூடுகளாகவே நிற்கின்றன. காரணம் ஓரளவு தெரிந்ததே. காஸ்ட்னர், கீன், கீஸ்கெஸ் மூவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனைகளில், மக்னீசியமும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து ஓபல்-சிடிக்குக் கருவாக அமைவதையும், களிமண் அந்த மக்னீசியத்தோடு போட்டியிட்டு மாற்றத்தைத் தாமதப்படுத்துவதையும், சுண்ணம் விரைவுபடுத்துவதையும் கண்டனர்.

எதிர்பாராதது அடுத்த கட்டத்தில். ஓபல்-சிடி குவார்ட்ஸாகும்போது வரிசை தலைகீழாகிறது. களிமண் மிகுந்த அடுக்கு முதலில் குவார்ட்ஸ் ஆகிறது. தூய அடுக்கு பின்தங்குகிறது. ஆகவே ஒரே முகப்பில் கண்ணாடிபோல் மின்னும் அடுக்கு இன்னும் ஓபல்-சிடியாகவும், அதன் பக்கத்திலுள்ள மங்கலான, மண்ணடித்த அடுக்கு குவார்ட்ஸாகவும் இருக்கக்கூடும். மாணவர்கள் களத்தில் தவறுவது இங்கேதான். கடினத்தையும் பளபளப்பையும் பார்த்து "இது குவார்ட்ஸ், அதிகம் வெந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். கையும் கண்ணும் இதற்குப் போதா. தூளாக்கி எக்ஸ்-கதிர் விலகலில் வைக்க வேண்டும். ஓபல்-ஏ 4 ஆங்ஸ்ட்ராம் அளவில் அகன்ற மேடாகத் தெரியும். குவார்ட்ஸ் 3.34இல் கூரிய முகடு காட்டும். ஓபல்-சிடியின் முகடு 4.11இல் பிறந்து, வெப்பம் ஏற ஏற 4.04வரை நகர்கிறது. ஒரு முகப்பின் வெப்ப வரலாற்றை ஒப்பிட வேண்டுமானால், களிமண் அளவு ஒத்த மாதிரிகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும். தூய அடுக்கு முந்திக் கெட்டியாகும்போது சுற்றிலும் உள்ளவை மென்மையாகவே இருக்கின்றன. நிலம் நெளியும்போது மென்மையான டயட்டமைட் வழுக்கிக் கொடுக்க, நடுவே அகப்பட்ட மெல்லிய செர்ட் அடுக்கு சிறு மடிப்புகளாகச் சுருண்டு, அங்கங்கே சில்லுச் சில்லாக உடைந்து, அதே சிலிக்காவால் மீண்டும் ஒட்டுப்பட்டு நிற்கிறது. அதைப் பார்த்து ஏதோ பெரும் நிலநடுக்கத்தின் தடம் என்று எண்ணிவிடக் கூடாது. தன் பக்கத்து அடுக்குகளுக்கு முன்பே இறுகியதால் வந்த வினை அது.

5. இந்த விளக்கம் எட்டாத இடங்கள்

நான் சொன்ன வெப்பநிலைகள் மான்டெரேயின் வயதுக்கும் அங்கே புதைந்த வேகத்துக்கும் உரியவை. நீண்ட காலம் கிடைத்தால் குறைந்த வெப்பத்திலும் இந்த வேலை நடக்கும். 1968இல் குளோமார் சேலஞ்சர் கப்பல் ஆழ்கடலைத் துளையிடத் தொடங்கியபோது, வட அட்லாண்டிக்கில் இயோசீன் காலச் செர்ட் அடுக்குகளில் மோதித் துளைமுனைகள் தேய்ந்து மழுங்கின. முனையை மாற்றிக்கொண்டு, ஆழ்கடலடியில் அதே துளைக்குள் மீண்டும் நுழையும் முறையை 1970இல் உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தச் செர்ட்டின் மேலே இருந்த மண் சில நூறு மீட்டர்தான். மூன்று, நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவகாசம் வெப்பக் குறையை ஈடுசெய்திருக்கிறது.

செர்ட்டெல்லாம் டயட்டத்தின் கொடை என்றும் கொள்ளக் கூடாது. டயட்டம் புதைபடிவுகள் கிரேத்தேசியக் காலத்திலிருந்துதான் செழிப்பாகக் கிடைக்கின்றன. அதே கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சிவப்பு நாடாக்களாக அடுக்கியிருக்கும் செர்ட், மான்டெரேயைவிடப் பல மடங்கு பழையது. அதில் கூடு கொடுத்தவை ரேடியோலேரியா என்னும் ஒற்றைச் செல் மிதவை உயிர்கள். அவற்றின் கூடு தடித்தது. குவார்ட்ஸாக மாறிய பின்னும் உருவத்தை ஓரளவு காத்து வைக்கிறது. அமிலத்தால் மெல்ல அரித்தெடுத்து அவற்றின் இனத்தையும் காலத்தையும் சொல்லிவிட முடிகிறது.

இன்னும் பின்னால் போனால் கூடு கட்டும் உயிரே இல்லை. சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் உங்களில் பலர் களப்பயணத்தில் பார்த்திருப்பீர்கள்: காந்தக் கல்லும் குவார்ட்ஸும் பட்டை பட்டையாக அடுக்கிய இரும்புத் தாதுப் பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் பட்டைகளும் செர்ட்டாகப் படிந்து, பின்னர் கடும் வெப்பத்தில் மறுபடிகமானவை என்றே கொள்ளப்படுகின்றன. அன்றைய கடலில் சிலிக்காவை உறிஞ்சிக் குறைக்க டயட்டமோ ரேடியோலேரியாவோ கடற்பஞ்சோ இல்லை. நீரிலேயே சிலிக்கா நிறைந்து நின்றது. உயிரின் கை படாமலே படிந்தது. இன்று ஒரு லிட்டர் மேல்நீரில் 1 மில்லிகிராம் சிலிக்காவும் மிச்சம் வைக்காமல் துடைத்தெடுப்பவை டயட்டங்கள். கஞ்சமலைப் பட்டைகள் போன்றவை இன்றைய கடலில் படியாததற்கு ஒரு காரணம் அவையே.